பேசுன பேச்சு பெக்அப்ல வருமா?

தெரணியகலை டவுன்ல போன் மாத்தப் போனா கடையில கேட்கிற முதல் கேள்வி, "வட்ஸ்அப் சாட் எல்லாம் வேணுமா?" என்பதுதான். வேணும் என்றால் பெக்அப் எடுத்து புது போனில் ரெஸ்டோர் பண்ணித் தருவார்கள். "கோல் ஹிஸ்டரி வேணுமா?" என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. பேசி முடிச்ச கோல் முடிஞ்சதுதானே, அதுல எடுத்து வைக்க என்ன இருக்கு என்ற நினைப்பு.

எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நினைப்பு சரியாக இருக்கலாம். நம்ம லயத்து வீடுகளுக்கு அது சரிவராது என்பதுதான் எங்கள் கருத்து. குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போன அம்மாவோடு இருக்கிற சாட்டைத் திறந்து பாருங்கள். காலை வணக்கம் சொல்ற ரோஜாப்பூ படம், "ok", இரண்டு ஸ்டிக்கர். அவ்வளவுதான். சம்பளம் வந்துச்சா, முதலாளி வீட்ல எப்படி, தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுச்சா எல்லாமே வீடியோ கோலில் பேசினது. டைப் பண்ணத் தெரியாத, பண்ண நேரமில்லாத மனுசர்களுடைய உறவு முழுக்க கோலில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செயலி கவனமாகப் பாதுகாக்கிறது சாட்டை. அதன் பெயரே `Chat backup`தான். பேசுகிறவர்களுக்கு அதில் கிடைக்கிற இடம் குறைவு. எவ்வளவு குறைவு, எங்கே குறைவு என்று தெரிந்துகொண்டால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

மிஞ்சுவது ஒரு வரி

வட்ஸ்அப் 2009ல் எழுத்துச் செய்திக்காக ஆரம்பித்த செயலி. குரல் அழைப்பு 2015ல்தான் வந்தது, வீடியோ அழைப்பு 2016 நவம்பரில். கோல் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி. சேமிக்கிற விதத்திலும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

ஒரு செய்தி அனுப்பினால் அந்தச் செய்தியே சேமிக்கப்படும். அனுப்பினவர் போனில் ஒரு பிரதி, வாங்கினவர் போனில் ஒரு பிரதி. கோல் அப்படியில்லை. குரலும் முகமும் மறையாக்கப்பட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், போன கையோடு காணாமல் போகும். செயலி எதையும் பதிவு செய்து வைப்பதில்லை. மிஞ்சுவது ஒரு வரி மட்டும்: யாரோடு, யார் எடுத்தது, எந்த நாள் எத்தனை மணிக்கு, குரலா வீடியோவா, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா. `Calls` பக்கத்தில் ஒரு பெயரைத் தொட்டு உள்ளே போனால் இந்த விவரம் தெரியும்.

செக்ரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வேலைக்கு வந்தது விழும், எத்தனை கிலோ என்றும் விழும். மழையில் நனைந்தது, அட்டை கடித்தது, கங்காணியோடு வாக்குவாதப்பட்டது எதுவும் அதில் விழாது. ஆனாலும் செக்ரோலில் பேர் விழாவிட்டால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. கோல் வரியும் அதே மாதிரி. அது பேச்சைச் சொல்லாது, பேசியதைச் சொல்லும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். சாதாரண கோல் எடுத்தால் போன் கம்பெனியிடமும் ஒரு பதிவு இருக்கும். எந்த இலக்கத்துக்கு, எத்தனை நிமிடம் என்று அவர்கள் கணக்கில் விழும். வட்ஸ்அப் கோல் அவர்களுக்கு வெறும் டேட்டாதான். நீங்கள் அம்மாவோடு பேசினீர்களா, படம் பார்த்தீர்களா என்று உங்கள் பில்லைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே நம் கையில் இருக்கிற அந்த ஒரு வரி போனால், கேட்டு வாங்க வேறு கணக்குப் புத்தகம் இல்லை.

ஒரே பெட்டியில் இரண்டு கொப்பி

அன்ட்ரொய்ட் போனில் வட்ஸ்அப் தன் சாட் முழுவதையும் `msgstore.db` என்ற ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. அதற்குள் செய்திகளுக்குத் தனி அட்டவணை, கோல்களுக்கு `call_log` என்று தனி அட்டவணை. ஒரே பெட்டிக்குள் இரண்டு கொப்பி இருக்கிற மாதிரி. பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்து வரும். அதனால்தான் அன்ட்ரொய்டிலிருந்து அன்ட்ரொய்டுக்கு ரெஸ்டோர் பண்ணினால் `Calls` பக்கமும் பழையபடி நிறைந்து வருகிறது. யாரும் தனியாகக் கேட்காமலே வருவதற்குக் காரணம் இதுதான்.

ஐபோனில் பெட்டியே இரண்டு. செய்திகள் `ChatStorage.sqlite` என்ற கோப்பில், கோல்கள் `CallHistory.sqlite` என்ற வேறு கோப்பில். ஒன்றை எடுத்துப் போகிறவர் மற்றதை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற மாமா ஒரு ஐபோன் அனுப்புகிறார் என்று வைப்போம். 2022லிருந்து அன்ட்ரொய்ட் சாட்டை `Move to iOS` வழியாக ஐபோனுக்கு மாற்றலாம். தனி சாட், குழுக்கள், படங்கள், வீடியோக்கள், அமைப்புகள் எல்லாம் போகும். கோல் ஹிஸ்டரி போகாது. இது ஏதோ கோளாறு இல்லை, மாற்ற முடியாதவை என்று வட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் போன் மாத்துகிற சந்தோசத்தில் அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? மாற்றம் முடிந்ததும் சாட் எல்லாம் இருக்கிறதைப் பார்த்து, பழைய போனை ரீசெட் பண்ணித் தம்பியிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த ரீசெட்டோடு ஐந்து வருசத்து கோல் வரிகளும் போய்விடும்.

தண்ணியில் விழுந்த ஒரு போனின் கணக்கு

சரி, அன்ட்ரொய்டிலிருந்து அன்ட்ரொய்டுக்கு என்றால் கவலையில்லைதானே? இங்கேதான் நம்ம ஊர் நிலைமையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

ஒரு தங்கச்சி, அம்மா குவைத்தில். போன் ஜூன் 20ஆம் திகதி ஆற்றில் விழுந்து செத்துப்போனது. கூகுளில் பெக்அப் போட்டு வைத்திருந்தாள், அதுவும் தினமும் என்று. தைரியமாகப் புது போன் வாங்கி, பழைய இலக்கத்துக்கே சிம் எடுத்துப் போட்டு, ரெஸ்டோர் பண்ணினாள். வந்த சாட் மார்ச் 9ஆம் திகதியோடு நின்றுவிட்டது. கோல்களும் அதே திகதியோடு நின்றன.

ஏன்? `Daily` என்று போட்டாலும், கூகுளுக்குப் போகிற பெக்அப் சாதாரணமாக வைஃபை இருந்தால்தான் போகும். மொபைல் டேட்டாவிலும் போகட்டும் என்று `Back up using cellular` என்பதை நாமே ஒன் பண்ணணும். லயத்தில் வைஃபை ஏது? மார்ச் மாதம் அவிசாவளைக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது அங்கே வைஃபை பிடித்தது, அன்றைக்கு பெக்அப் போனது. அதற்குப் பிறகு போகவே இல்லை.

ஆனால் போனுக்குள்ளே வேறொரு பெக்அப் ஒவ்வொரு நாளும் விடியக்காலை 2 மணிக்கு ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது. அது இருக்கிற இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

கடைசி ஏழு நாள் வரைக்குமான பிரதிகள் இங்கே இருக்கும். போன் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஃபோல்டரை அப்படியே புது போனில் அதே இடத்துக்கு கொப்பி பண்ணி, அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் இலக்கத்தை உறுதிப்படுத்தினால் நேற்றைய கோல் வரைக்கும் வந்திருக்கும். போன் ஆற்றோடு போனதால் அந்தப் பிரதிகளும் போனது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. `Settings > Chats > Chat backup` போய்ப் பாருங்கள். அங்கே `Local` என்று ஒரு நேரம், கூகுளுக்கு வேறொரு நேரம் என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரி இன்றைய திகதியும் இரண்டாவது வரி மாசக்கணக்கில் பழையதுமாக இருந்தால், போன் போனால் எல்லாம் போகும் என்று அர்த்தம். பெக்அப் பெரிதாகி டேட்டா தின்னும் என்று பயந்தால் வீடியோக்களை விட்டுவிடலாம். செய்தியும் கோல் வரியும் எழுத்துத்தான், அவை பிடிக்கிற இடம் கொஞ்சம்.

இதோடு இன்னும் இரண்டு இடத்தில் இடறலாம். ஒன்று, ஜிமெயில். போன் வாங்கின அன்று கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு, பாஸ்வேர்ட் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு இல்லாமல் அந்த பெக்அப்பைத் தொட முடியாது. மற்றது, ரெஸ்டோர் பண்ணவா என்று கேட்கிற திரை. அது இலக்கத்தை உறுதிப்படுத்தின உடனே ஒரு தடவைதான் வரும். அவசரத்தில் `Skip` அமத்திவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெறும் சாட்டோடு ஓடுகிற புது போன் தன் வெறுமையையே பெக்அப் எடுத்துப் பழையதன் மேல் எழுதிவிடும். அப்படித் தவறிவிட்டால் அடுத்த பெக்அப் ஓடுவதற்குள், அதே நேரத்திலேயே செயலியை அழித்துத் திரும்பப் போடணும்.

அடுத்த போனில் இருக்கிற பாதி

மார்ச் 9லிருந்து ஜூன் 20 வரைக்கும் இழந்ததை மீட்க முடியுமா? இங்கேதான் சாட்டும் கோலும் பிரிகிற இடம் நன்றாகத் தெரிகிறது.

சாட்டுக்கு வழி லேசு. அதே செய்திகள் அம்மாவின் போனில் இருக்கின்றன. அவர் `Export chat` பண்ணினால் முழு உரையாடலும் ஒரு எழுத்துக் கோப்பாக வந்துவிடும், படங்களையும் சேர்த்து அனுப்பலாம். அதைத் திரும்ப வட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. ஆனால் வாசிக்கலாம், அச்செடுக்கலாம், ஒருத்தரிடம் கொடுக்கலாம்.

கோலுக்கும் அம்மாவின் போனில் ஒரு வரி இருக்கத்தான் செய்யும். ஆனால் `Calls` பக்கத்துக்கு எக்ஸ்போர்ட் பட்டன் கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பணும். பகல் முழுக்க வேலை செய்து, ராத்திரி கொஞ்ச நேரம் போன் கையில் கிடைக்கிற ஒருவரிடம் மூன்று மாத கோல்களையும் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்வது என்ன மாதிரியான வேலை என்று யோசியுங்கள்.

அந்த வரிகள் உங்கள் வரிகளோடு அச்சாக ஒத்தும் போகாது. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். உங்கள் போனில் ராத்திரி 10 மணி என்று விழுந்த கோல் அம்மாவின் போனில் 7.30 என்றிருக்கும். குவைத்தில் எடுத்த ஸ்க்ரீன்ஷொட்டையும் இங்கே எடுத்ததையும் ஒன்றாகக் காட்டினால், விசயம் தெரியாத ஒருத்தர் "இது வேற கோல் மாதிரி இருக்கே" என்பார். எந்த நாட்டு நேரம் என்று பக்கத்தில் எழுதி வைக்கணும். அதே மாதிரி, நீங்கள் எடுத்து அவர் எடுக்காத கோல் உங்கள் போனில் வெளியே போன கோல், அவர் போனில் சிவப்பு அம்புக்குறி போட்ட மிஸ்ட் கோல். முயற்சி பண்ணியது வேறு, பேசியது வேறு. நிமிடக் கணக்கு இருந்தால்தான் பேசியது.

டுபாய்ப் பக்கம் போனவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பில் செய்தி போகும், கோல் தடை. அதனால் அங்கே இருப்பவர்கள் கோலுக்கு பொட்டிம் மாதிரி வேறு செயலி வைத்திருப்பார்கள். ரோஜாப்பூ ஒரு செயலியில், பேச்சு இன்னொரு செயலியில். வட்ஸ்அப்பை ரெஸ்டோர் பண்ணினால் ரோஜாப்பூ மட்டும் திரும்பி வரும்.

இது வெறும் ஞாபகமா?

சிலர் சொல்லலாம், "இதெல்லாம் ஞாபகத்துக்கு வைக்கிற சாமான், இவ்வளவு பாடுபடணுமா?" என்று. ஞாபகத்துக்கு என்றாலே போதாதா என்பது ஒரு பக்கம். செத்துப்போன அப்பாயியோடு கடைசியாக எந்த நாள் எத்தனை நிமிடம் பேசினோம் என்பது யாருக்கும் சின்ன விசயமில்லை.

இன்னொரு பக்கம், இது சம்பளம். வெளிநாட்டில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் நின்றால், போன் பறிக்கப்பட்டால், வீட்டிலிருப்பவர்கள்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போவார்கள், அல்லது 1989க்கு அடிப்பார்கள். "கடைசியா எப்ப பேசினீங்க? சம்பளம் வரலன்னு எப்ப சொன்னாங்க?" என்ற கேள்வி வரும். திகதியோடு பதில் சொல்கிறவரின் பேச்சுக்கும், "அது ஒரு ரெண்டு மூணு மாசம் இருக்கும்" என்கிறவரின் பேச்சுக்கும் ஒரே எடை கிடைப்பதில்லை. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஆவணத்தைச் சட்டம் ஒதுக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆவணம் நம்மிடம் இருக்கணுமே.

இருந்தாலும் கோல் வரி மட்டும் போதாது. ஏப்ரல் 14 இரவு 22 நிமிடம் பேசினோம் என்பதை அது காட்டும். அந்த 22 நிமிடத்தில் அம்மா என்ன சொன்னார் என்பதை எந்த பெக்அப்பும் காட்டாது.

அதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி வொய்ஸ் மெசேஜ். கோலும் குரல், வொய்ஸ் மெசேஜும் குரல். ஆனால் செயலியின் கணக்கில் இரண்டும் வேறு சாதி. வொய்ஸ் மெசேஜ் ஒரு செய்தி. அதற்கென்று கோப்பு இருக்கிறது, இரண்டு போனிலும் பிரதி இருக்கிறது, சாட் பெக்அப்பில் அது போகிறது, ஐபோனுக்கு மாறினாலும் கூட வருகிறது. எழுதத் தெரியாதவரும் அனுப்பலாம். முக்கியமான ஒரு விசயம் கோலில் பேசினால், வைத்த பிறகு "ரெண்டு மாசமா சம்பளம் தரல, இன்னைக்கும் கேட்டேன்" என்று இருபது செக்கனில் ஒரு வொய்ஸ் போடச் சொல்லுங்கள். அது பேச்சைச் சாட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. கோல் வரி நாளைச் சொல்லும், வொய்ஸ் விசயத்தைச் சொல்லும்.

மறைக்க வேண்டியதும் இருக்கு

இதற்கு எதிராகவும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு போனை ஒரு வீடே பாவிக்கிறது. யாரோடு எவ்வளவு நேரம் பேசினாள் என்று ஒரு பிள்ளையின் `Calls` பக்கத்தைத் திறந்து விசாரணை வைக்கிற வீடுகளும் இங்கேதான் இருக்கின்றன. அப்படிப்பட்டவளுக்கு கோல் வரி அழிவது இழப்பு இல்லை, பாதுகாப்பு. அவள் அழிக்கலாம், அழிக்கணும். ஆனால் அவளுக்கும் ஒன்று தெரிந்திருக்கணும்: செய்தியை இரண்டு பக்கமும் அழிக்க வழி இருக்கிறது, கோல் வரியை அப்படி அழிக்க முடியாது. உங்கள் போனில் அழித்தது அடுத்தவர் போனில் இருக்கும். உங்கள் பழைய பெக்அப்பிலும் இருக்கும், ரெஸ்டோர் பண்ணினால் அழித்த வரி திரும்பி வந்து நிற்கும்.

டெலிகிராமில் இது வேறு மாதிரி. அங்கே ரகசிய சாட் தவிர மற்ற சாட் எல்லாம் அவர்களுடைய சேவையகத்தில் இருக்கிறது, கோலும் சாட்டுக்குள்ளேயே ஒரு செய்தியாக விழுகிறது. புது போனில் லொகின் பண்ணினால் இரண்டும் சேர்ந்து வரும், ரெஸ்டோர் என்ற வேலையே இல்லை. ஆனால் சாட்டை அழித்தால் கோலும் அதோடு போகும். எல்லாமே வேறொருத்தர் கணினியில் இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்ளணும். ஆக, கோலை எங்கே வைப்பது என்பது இயற்கையாக அமைந்த விசயமில்லை. செய்கிறவர்கள் எடுக்கிற முடிவு அது. வேறு மாதிரியும் எடுக்கலாம்.

அதனால்தான் சாட்டுக்கு இருக்கிற எக்ஸ்போர்ட் பட்டன் `Calls` பக்கத்துக்கும் வேணும் என்று கேட்கிறோம். இரண்டு வகை போனுக்கு நடுவே கோல் வரிகளும் மாறணும், மாறாது என்றால் அது மாற்றம் தொடங்கும் முன் திரையிலேயே பெரிதாக எழுதியிருக்கணும். வைக்கவா அழிக்கவா என்று முடிவு பண்ணுகிறவர் போனுக்குரியவராக இருக்கட்டும்.

அந்தப் பட்டன் வரும் வரைக்கும் வேலை நம்ம கையில்தான். இந்த வாரம் வீட்டில் இருக்கிற போனை வாங்கி `Chat backup` பக்கத்தில் இரண்டு திகதியையும் பாருங்கள். ஜிமெயில் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள், தெரியாவிட்டால் போன் உயிரோடு இருக்கும்போதே மாற்றி ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐபோனுக்கு மாறுகிறவர்கள் பழைய போனைத் தொடுவதற்கு முன் வேண்டிய கோல்களை ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இன்றைக்கு ராத்திரி எடுக்கும்போது, வைத்த பிறகு ஒரு வொய்ஸ் போடச் சொல்லுங்கள்.